காமர்ஸ் டீச்சர் மகனுக்கு ஃபர்ஸ்ட் குரூப்

அருப்புக்கோட்டையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் 19 வருடமாக வணிகவியலும் கணக்குப்பதிவியலும் நடத்துகிறேன். ஒவ்வொரு வருடமும் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து பிளஸ் ஒன் அட்மிஷன் மேசையில் என்னைத்தான் உட்கார வைப்பார்கள். "தேர்டு குரூப்புன்னா சும்மா இல்லீங்க, சி.ஏ. படிக்கலாம், வக்கீலுக்குப் படிக்கலாம், பேங்குக்குப் போகலாம்" என்று எத்தனையோ அப்பா அம்மாக்களிடம் சொல்லியிருக்கிறேன். நம்பிச் சேர்த்தவர்கள் நிறைய.

2022-இல் என் மகன் பத்தாவது முடித்தான். அவனை நான் ஃபர்ஸ்ட் குரூப்பில் சேர்த்தேன்.

அந்த வருடம் ரிசல்ட் ஜூன் 20-ஆம் தேதிதான் வந்தது. 500-க்கு 441. தமிழ் 92, ஆங்கிலம் 85, கணக்கு 88, அறிவியல் 83, சமூக அறிவியல் 93. வீட்டில் கேசரி கிண்டினோம். சாயங்காலம் சென்னையிலிருந்து கொழுந்தனார் போன் செய்தார். அவர் எங்கள் வீட்டின் முதல் இன்ஜினியர். "மதினி, 441 எடுத்தவனை எதுக்கு யோசிக்கிறீங்க? பயோ-மேத்ஸ்ல போடுங்க. டாக்டர், இன்ஜினியர் ரெண்டு பக்கமும் கதவு திறந்திருக்கும். நாளைக்குப் பிடிக்கலைன்னா பி.காம். எப்ப வேணும்னாலும் சேரலாம். ஆனா காமர்ஸ் எடுத்துட்டா திரும்பி வர முடியாது."

அத்தை, அதாவது என் மாமியார், இன்னும் சுருக்கமாகச் சொன்னார். "உன்கிட்ட படிக்கிற பிள்ளைகளும் அவனும் ஒண்ணா தாயி?"

அந்த வாக்கியத்துக்கு நான் கோபப்பட்டிருக்க வேண்டும். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் அதேதான் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளியின் ஸ்டாஃப் ரூமில் "டீச்சர் பையன் என்ன குரூப்?" என்று கேட்டால் "காமர்ஸ்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மார்க் குறைந்தவர்களுக்கான குரூப் என்ற முத்திரையை மேடையில் மறுத்துவிட்டு வீட்டில் ஒப்புக்கொண்டேன் என்பதுதான் உண்மை. வீட்டு நெருக்கடி என்றால் அப்பா பெல்ட்டை எடுப்பது என்று நினைக்கிறோம். எங்கள் வீட்டில் யாரும் குரல்கூட உயர்த்தவில்லை. ஆளுக்கு ஒரு வாக்கியம் சொன்னார்கள், அவ்வளவுதான். பையனிடம் "உனக்கு என்னடா?" என்று கேட்டதுகூட கேசரித் தட்டோடு எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருந்தபோதுதான். "ஃபர்ஸ்ட் குரூப்பே எடுத்துக்கிறேன்" என்றான். வேறு என்ன சொல்வான்?

கொழுந்தனார் சொன்ன கதவுக் கணக்கில் தவறு எதுவும் இல்லை. இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் நான்கும் படித்தவன் நீட்டும் எழுதலாம், பொறியியல் கலந்தாய்வுக்கும் போகலாம். கணிதத்துக்குப் பதில் தாவரவியல், விலங்கியல் எடுக்கிற ப்யூர் சயின்ஸில் பி.இ. கதவு மூடும். உயிரியலுக்குப் பதில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தால் மருத்துவம், நர்சிங், கால்நடை பக்கம் மூடும். காமர்ஸில் இரண்டு பக்கமும் மூடும். சி.ஏ., ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு, டி.என்.பி.எஸ்.சி. எல்லாம் எந்த குரூப் எடுத்தவருக்கும் திறந்தே இருக்கும். ஆகவே காகிதத்தில் பார்த்தால் ஃபர்ஸ்ட் குரூப்பை மிஞ்ச ஒன்றும் இல்லை.

அதில் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. கதவு திறந்திருந்தாலும் உள்ளே போக மார்க் வேண்டும். நான்கு கதவுக்கும் சேர்த்து நான்கு கனமான பாடம் படிக்கிறவன், ஒன்றில்கூட மார்க் எடுக்க முடியாமல் போனால் நான்கு கதவும் திறந்த வீட்டின் வாசலில் நிற்க வேண்டியதுதான். இதை எனக்குப் புரியவைக்க என் மகனின் இரண்டு வருடம் தேவைப்பட்டது.

அவனுடைய பத்தாம் வகுப்பு மார்க்கை நான் சரியாகப் படித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அறிவியல் 83 என்றதும் நல்ல மார்க் என்று நினைத்தோம். பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25, எழுத்துத் தேர்வுக்கு 75. செய்முறையில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும் 25 முழுசாக வந்துவிடும். அதைக் கழித்தால் அவன் எழுதி வாங்கியது 75-க்கு 58. கணக்கில் 88. அதில் வடிவியலும் வரைபடமும் எட்டு எட்டு மார்க், மொத்தம் 16. படம் வரைந்து பழகிய பிள்ளைக்கு அது கையில் இருக்கிற காசு. ஒரு மார்க் வினாக்கள் 14. அவற்றில் பெரும்பகுதி புத்தகப் பின்பக்கக் கேள்விகள், மனப்பாடமாகவே விழும். இந்த 30 போக மிச்சம் 70-இல் அவன் எடுத்தது 58. மோசமில்லை. ஆனால் 88 என்ற எண் சொல்கிற கதை வேறு, இந்த 58 சொல்கிற கதை வேறு. போதாததற்கு அது பாடத்திட்டத்தைக் குறைத்து நடத்திய வருடம். அதற்கு முந்தைய ஒன்பதாம் வகுப்பை அவன் போனில்தான் படித்தான், கடைசியில் ஆல் பாஸ். இயற்கணிதத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, அவனுக்கும்தான்.

சமூக அறிவியலில் 93 வாங்கியிருந்தான். அதைப் பற்றி வீட்டில் ஒருவரும் வாயே திறக்கவில்லை.

சேர்த்தது வெளியூர்ச் சாலையில் உள்ள ஒரு தனியார் பள்ளி. பிளஸ் ஒன் பாடத்தோடு நீட் பயிற்சியும் சேர்த்து நடத்துவதாகச் சொன்னார்கள். ஒரு வாரத்துக்குள் வகுப்பு தொடங்கிவிட்டது. இங்கேதான் நான் இன்னொரு பிழை செய்தேன், அதன் கனம் அப்போது தெரியவில்லை. அந்தப் பள்ளியில் காமர்ஸ் பிரிவே கிடையாது.

பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். இரண்டாவது அலகு இயக்கவியல். அதிலேயே வெக்டர் வருகிறது, வகையிடல் வருகிறது. கணித ஆசிரியரோ அதே சமயத்தில் கணங்களும் சார்புகளும் நடத்திக்கொண்டிருப்பார். வகையீடு கணிதத்தில் இரண்டாம் தொகுதியில்தான் வரும். ஆக, இயற்பியல் வகுப்பில் வகையிடலைப் பார்க்கிற பிள்ளைக்கு அது எங்கிருந்து குதித்தது என்றே தெரியாது. கெட்டிக்காரப் பிள்ளைகள் எப்படியோ தாவிவிடுவார்கள். மற்றவர்கள் சூத்திரத்தை மனப்பாடம் செய்ய ஆரம்பிப்பார்கள். பத்தாம் வகுப்பில் கைகொடுத்த வழி அதுதானே. பிளஸ் ஒன் இயற்பியலில் அது முதல் மாதமே கைவிடும்.

ஆகஸ்ட் மிட் டெர்மில் இயற்பியல் நூற்றுக்கு 29, கணிதம் 34, வேதியியல் 41, உயிரியல் 52. அன்று ராத்திரி நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அம்மா, குரூப் மாத்திக்கலாமா?" என்றான். தலையைத் தூக்காமல்தான் கேட்டான்.

"ஒரு டெஸ்ட்டுக்கே பயந்துட்டியா? எல்லாருக்கும் முதல்ல இப்படித்தான் இருக்கும். டியூஷன் போடுறேன்."

பாதி உண்மைதான் அது. முதல் தேர்வில் பல பிள்ளைகளுக்கும் மார்க் விழும், காலாண்டுக்குள் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். யார் எழுவார், யார் எழமாட்டார் என்பதை மார்க்கை வைத்துச் சொல்ல முடியாது. தப்பாய்ப் போன கணக்கைப் பிள்ளை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். விடைத்தாள் வந்ததும் "எங்கே விட்டேன்" என்று தானாகவே நோட்டை எடுத்துப் போட்டுப் பார்க்கிற பிள்ளை 29 எடுத்திருந்தாலும் ஏறிவிடும். என் மகன் அந்தத் தாளை மடித்துப் பையின் அடியில் வைத்திருந்தான். கையெழுத்துக்காக மட்டும் வெளியே எடுத்தான். இத்தனை வருட ஆசிரியை, இது எனக்குத் தெரியாதா? மற்றவர் பிள்ளை என்றால் தெரிந்திருக்கும்.

இன்னொரு காரணமும் இருந்தது. காமர்ஸுக்கு மாற வேண்டுமென்றால் பள்ளியையே மாற்ற வேண்டும், டி.சி. வாங்க வேண்டும், கட்டிய பணம் போகும். ஒரே பள்ளிக்குள் என்றால் ஆகஸ்ட் வரை ஹெச்.எம்.மைப் பார்த்து, இடம் இருந்தால் பேசிச் சரிசெய்யலாம். எங்கள் பள்ளியிலேயே வருடத்துக்கு நாலைந்து பேர் அப்படி மாறுகிறார்கள். காலாண்டு தாண்டிவிட்டால் மாறுகிற பிள்ளை மூன்று மாதப் பாடத்தைத் தனியே பிடிக்க வேண்டும், பள்ளிகளும் தயங்கும். அதனால்தான் இப்போது யார் கேட்டாலும் முதலில் இதைச் சொல்கிறேன்: நீங்கள் எடுக்கிற குரூப் மட்டும் இருக்கிற பள்ளியில் சேர்க்காதீர்கள். மாறுவதென்றால் அடுத்த வகுப்பறைக்கு மாறுவதாக இருக்கட்டும்.

டியூஷன் போட்டோம். காலை ஐந்தரைக்கு இயற்பியல், சாயங்காலம் கணிதம், ஞாயிறு வேதியியல்.

அந்த டிசம்பரில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அரையாண்டுக்கு ஒரு கணக்கு தயார் செய்துகொண்டிருந்தேன். இருப்பாய்வு கூட்டினால் பற்றும் வரவும் சேரவில்லை. 270 ரூபாய் இடித்தது. மூன்று முறை கூட்டிப் பார்த்துவிட்டு அலுத்துப்போய்க் காபி போடப் போனேன். திரும்பி வந்தால் அவன் என் நோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"அம்மா, இங்க 5,630 இருக்கு. அங்க எடுத்து எழுதறப்ப 5,360ன்னு எழுதிட்ட."

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தொழிலில் பழைய உத்தி ஒன்று உண்டு. வித்தியாசம் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால் ஏதோ ஓர் எண்ணில் இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்று தேட வேண்டும். 270 ஒன்பதால் வகுபடும். அதை அவனிடம் சொன்னேன். "ஏன் ஒன்பது?" என்றான். எனக்கு உத்தி தெரியும், காரணம் சொல்லத் தெரியாது. ஒரு தாளை எடுத்து 63, 36 என்று எழுதினான். 82, 28 என்று எழுதினான். கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தான். "பத்துகள் இடத்துல இருந்தது ஒன்றுகள் இடத்துக்கு வந்தா ஒவ்வொண்ணுக்கும் ஒன்பது குறையுது. ஒன்றுகள்ல இருந்தது மேல போனா ஒன்பது கூடுது. அப்ப வித்தியாசம் எப்பவும் ஒன்பதோட மடங்காத்தான் இருக்கும்" என்றான். அவன் முகத்தில் நான் ஆறு மாதமாகப் பார்க்காத ஒரு வெளிச்சம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மணியைப் பார்த்தேன். "சரி, போய் பிசிக்ஸை எடு" என்றேன்.

கணக்கு வராத பிள்ளைதான் காமர்ஸ் போகும் என்பது எவ்வளவு அபத்தம் என்று அன்று என் கண்முன்னே இருந்தது. அவனுக்கு எண் வரும். இயற்பியல்தான் வரவில்லை, உயிரியலில் ஆர்வம் இல்லை. ஃபர்ஸ்ட் குரூப், தேர்டு குரூப் என்று நாம் மாடிப்படி மாதிரி அடுக்கி வைத்திருப்பதால் இதையெல்லாம் பார்க்கக் கண் வருவதில்லை.

2024 மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட். 600-க்கு 416. தமிழ் 84, ஆங்கிலம் 77, கணிதம் 58, இயற்பியல் 62, வேதியியல் 65, உயிரியல் 70. பொறியியல் கட் ஆஃப் 200-க்குப் போடுவார்கள். கணித மார்க் அப்படியே, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. அவனுக்கு 58, 31, 32.5 சேர்ந்து 121.5. கணிதத்தில் ஒரு மார்க் விழுந்தால் அது இயற்பியலில் இரண்டு மார்க் விழுந்ததற்குச் சமம் என்பதைப் பிளஸ் ஒன் சேரும்போதே வீட்டில் யாராவது யோசித்தோமா? கணிதம் இழுக்கிற பிள்ளையை இன்ஜினியரிங்குக்காக ஃபர்ஸ்ட் குரூப்பில் போடுவது, பலவீனமான காலில் எடையை இரட்டிப்பாக வைப்பது மாதிரி. இயற்பியல் 62-இலும் செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்று 30 உள்ளே இருக்கிறது. கழித்துப் பார்த்தால் எழுத்துத் தேர்வில் 70-க்கு 32.

நீட்டில் 720-க்கு 171. 'தகுதி பெற்றார்' என்று தாளில் வந்தது. சொந்தக்காரர் ஒருவர் வாழ்த்துச் சொல்லவே போன் செய்துவிட்டார். தகுதி என்பது வரிசையில் நிற்க அனுமதி மட்டும்தான். அந்த மார்க் அரசுக் கல்லூரி சீட்டுக்குக் கிட்டேகூடப் போகாது. தனியார் கல்லூரிப் பணம் நாங்கள் நினைத்தும் பார்க்க முடியாதது.

அப்போதும் கொழுந்தனார் "121-க்கு இன்ஜினியரிங் சீட் கிடைக்கும் மதினி, ஏதாவது ஒரு காலேஜ்" என்றார். கிடைக்கும்தான். இந்த முறை பையனே போனை வாங்கி, "சித்தப்பா, வேண்டாம். பி.காம். சேரப்போறேன்" என்றான். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தம் இல்லை. அப்புறம் அவர் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "சரிடா. நான் சேர்றப்ப எனக்கும் வேற எதுவும் யாரும் சொல்லலை." அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நுழைவுத் தேர்வு இருந்த காலத்தில் படித்து, அந்தப் படிப்பால் குடும்பத்தையே மேலே கொண்டுவந்த மனிதர். தனக்குப் பலித்ததை அண்ணன் மகனுக்கும் கொடுக்க நினைத்தார். இப்போது உறவுக்காரர் யாராவது அடித்துச் சொல்கிறார்கள் என்று ஒரு பெற்றோர் வந்தால், அவர் எந்த வருடம் படித்தார், அப்போது சேர்க்கை எப்படி நடந்தது என்று மட்டும் கேட்கச் சொல்கிறேன். இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வை எடுத்ததே 2006-07-இல். தமிழ்நாட்டில் மருத்துவத்துக்கு நீட் வந்தது 2017-இல். பத்து வருடத்துக்கு முந்தைய வழியைச் சொல்கிறவர் பொய் சொல்லவில்லை, பழைய வரைபடத்தைக் கையில் வைத்திருக்கிறார்.

"பி.காம். எப்ப வேணும்னாலும் சேரலாம்" என்பதும் பாதி உண்மை என்று அந்த ஜூனில் தெரிந்தது. பெரும்பாலான கல்லூரிகளில் பி.காம்.முக்குக் காமர்ஸ் குரூப் பிள்ளைகளுக்குத்தான் முன்னுரிமை. அறிவியல் குரூப்காரர்கள் மிச்ச இடத்துக்கு. என்னிடம் தேர்டு குரூப் படித்து 540, 550 எடுத்த பிள்ளைகள் உதவி பெறும் பிரிவில் சுலபமாக நுழைய, அந்த டீச்சர் மகன் 416-ஐ வைத்துக்கொண்டு சுயநிதிப் பிரிவில் அதிகக் கட்டணத்தில் சேர்ந்தான். முதல் செமஸ்டரில் குறிப்பேடு, பேரேடு என்று தொடங்கியபோது பக்கத்தில் இருந்தவர்களுக்கு அது இரண்டு வருடப் பழைய பாடம். இவன் ராத்திரி என்னிடம் உட்கார்ந்து பற்று எது, வரவு எது என்று கற்றுக்கொண்டான். சி.ஏ. ஃபவுண்டேஷனில் முதல் முறை போனது. நான்கு தாள், ஒவ்வொன்றிலும் 40, மொத்தத்தில் பாதி எடுக்க வேண்டும். கணக்குப்பதிவியலில் இடறினான். கணிதம், புள்ளியியல், தர்க்கம் எல்லாம் சேர்ந்த தாளில் நல்ல மார்க். இரண்டாவது முறை தேறினான். அடுத்த படியான இன்டர் இன்னும் பாக்கி, அது லேசில் விடாது.

இந்த அனுபவத்துக்குப் பிறகு அட்மிஷன் மேசையில் என் வேலை கொஞ்சம் மாறிவிட்டது. 'உன் லட்சியம் என்ன' என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். பதினைந்து வயதில் அதற்குப் பதில் தெரிந்தவர்கள் குறைவு, தெரிந்த மாதிரி சொல்பவர்கள் அதிகம். மார்க் ஷீட்டை வாங்கி, நான் மேலே செய்த கழித்தலைப் பெற்றோர் முன்னாலேயே போட்டுக் காட்டுகிறேன். அப்புறம், ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கிற நாட்களிலேயே பதினொன்றாம் வகுப்புப் புத்தகங்களைக் கையில் கொடுக்கச் சொல்கிறேன். பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன, பக்கத்து வீட்டு அக்காவிடம் பழைய புத்தகமும் கிடைக்கும். பத்து நாள் போதும். இயற்பியலில் அந்த இயக்கவியல் அலகு, கணிதத்தில் முக்கோணவியல், கணக்குப்பதிவியலில் குறிப்பேட்டுப் பாடம், உயிரியலில் ஏதாவது ஓர் அலகு. யாராவது பக்கத்தில் இருந்து தொடக்கத்தைச் சொல்லிக் கொடுக்கட்டும். விடை சரியா தப்பா என்பது முக்கியமில்லை. எந்தப் புத்தகத்தை யாரும் சொல்லாமல் இரண்டாவது முறை எடுக்கிறது, எதைத் திறந்ததும் தண்ணீர் குடிக்க எழுந்து போகிறது என்று பார்த்தால் போதும். இது சோதிடம் இல்லை, தப்பாகவும் போகலாம். நல்ல ஆசிரியர் கிடைத்தால் வெறுத்த பாடமே பிடித்துப்போகும். இருந்தாலும் கேசரித் தட்டோடு கேட்ட கேள்வியைவிட இது மேல்.

கேட்பதையும் தனியாகத்தான் கேட்கிறேன். "அப்பா, கொஞ்சம் டீ குடிச்சுட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டு. அப்பா வாசலைத் தாண்டியதும் பதில் மாறுகிற பிள்ளைகள் பாதிக்குப் பாதி.

போன வருடம் மே மாதம் அப்படித்தான் ஒரு பெண். பக்கத்து அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்தவள், பத்தாவதில் 420-க்கு மேல். அப்பா நூல் மில்லில் வேலை. காமர்ஸுக்கு ஃபாரம் வாங்க வந்திருந்தார். "பொம்பளப் புள்ள, பி.காம். படிச்சா கல்யாணத்துக்கும் சரியா இருக்கும், லேபு கீபுன்னு லேட்டாகாது." பையன்களை விருப்பமில்லாமல் மேலே தள்ளுகிற அதே ஊரில் பெண்களை விருப்பமில்லாமல் என் குரூப்புக்கு இறக்குவார்கள். என் வகுப்பில் பெண்கள் அதிகமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம், பெருமைப்பட ஒன்றுமில்லை.

அப்பா டீக்குப் போனதும் அவள் சொன்னாள். வீட்டில் ஒன்பது ஆடு. போன மழைக்காலத்தில் நோய் வந்து நாலு செத்துவிட்டன. கால்நடை டாக்டர் வந்து மிச்சத்துக்கு ஊசி போட்டதை அவள்தான் கூட நின்று பார்த்தாள். "மாட்டு டாக்டருக்குப் படிக்கணும் டீச்சர். அதுக்கு நீட் எழுதணுமாமே, அப்பா முடியாதுங்கிறாரு."

தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவப் படிப்புக்கு மாநில இடங்களை நிரப்புவது பிளஸ் டூ மார்க்கை வைத்து. நீட் தேவையில்லை. இது அவளுக்கும் தெரியவில்லை, அப்பாவுக்கும் தெரியவில்லை. அவளுக்கு வேண்டியது இயற்பியல், வேதியியல், உயிரியல். கணிதம் வேண்டாம். பத்தாவதில் கணிதம்தான் அவளுக்கு 61. ஆகவே ப்யூர் சயின்ஸ். கால்நடைக்குக் கட் ஆஃப் மிக உயரம், கிடைக்காமல் போக வாய்ப்பு அதிகம் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். கிடைக்காவிட்டாலும் அதே குரூப்பில் நர்சிங், பெரும்பாலான துணை மருத்துவப் படிப்புகள், பி.எஸ்சி. விலங்கியல் எல்லாம் பிளஸ் டூ மார்க்கிலேயே திறந்திருக்கும். ஒன்று தவறினால் அடுத்தது அதே வாசலில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் குரூப் தேர்வில் பாதி வேலை.

அப்புறம் அவள் அப்பாவிடம் சொன்னது எங்கள் ஹெச்.எம்.முக்குப் பிடிக்கவில்லை. "இங்க சேர்க்காதீங்க. இருக்கிற அரசுப் பள்ளியிலேயே ப்யூர் சயின்ஸ் இருக்கு, அங்கேயே விடுங்க" என்றேன். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. மருத்துவத்துக்கு 2020-இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்றவற்றுக்கு 2021-இலும் வந்தது. உதவி பெறும் பள்ளிக்கு அது கிடையாது. நல்ல கோச்சிங் என்று பத்தாவது முடித்ததும் பிள்ளையைத் தனியாருக்கு மாற்றுகிற எத்தனையோ பேர், மாற்றிய அன்றே அந்த ஒதுக்கீட்டைக் கையால் கிழித்துப் போடுகிறோம் என்று தெரியாமல் செய்கிறார்கள். பிளஸ் டூ முடித்த பிறகு தெரிந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். கல்லூரியில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிற புதுமைப்பெண் திட்டத்துக்கும் எந்தப் பள்ளியில் எந்த வழியில் படித்தார்கள் என்ற கணக்கு உண்டு. டி.சி. கேட்பதற்கு முன்னால் இந்த இரண்டையும் விசாரித்துவிட வேண்டும்.

அப்பா உடனே ஒத்துக்கொண்டு விடவில்லை. "யோசிக்கிறேன்" என்று எழுந்து போனார். அந்தப் பெண் அங்கேயே சேர்ந்துவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். இப்போது பிளஸ் டூ. இயற்பியல்தான் இழுக்கிறதாம்.

இந்த வருட அட்மிஷன் நாளில் என் மகன் எனக்குச் சாப்பாட்டு டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போக வந்திருந்தான். எதிரே உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, "பையனா டீச்சர்? என்ன படிக்கிறாரு?" என்று கேட்டார்.

"பி.காம்." என்றேன். அதோடு நிறுத்த வேண்டும் என்றுதான் இருந்தேன். "சி.ஏ.வும் பண்றான்" என்று சொல்லியும் விட்டேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு வண்டியை எடுத்தான்.